குழிக்குழாயும் துணி துவைக்கும் மெஷினும்

என் கையெழுத்து நன்றாக இருக்காது. எழுத்துப் பிழையும் நிறைய வரும். ஐந்தாவது வரைதான் படித்தேன். அதற்குப் பிறகு எழுதியதெல்லாம் கையெழுத்துப் போட்டது மட்டும்தான். இதை அச்சுக்குத் திருத்திக் கொடுப்பவர் கஷ்டப்படப் போகிறார், அவர் மன்னிக்க வேண்டும். வாயால் சொல்லச் சொன்னால் நாலு பேர் முன்னால் எனக்குப் பேச்சு வராது. அதனால்தான் எழுதுகிறேன்.

கச்சிராயபாளையத்துக்குப் பக்கத்தில் ஒருவருடைய கரும்புக் காட்டில் தண்ணீர் கட்டுகிறேன். மோட்டாரைப் போடுவது, வாய்க்காலைத் திருப்புவது, மடை மாற்றுவது, இதுதான் வேலை. வீட்டில் நான், என் மனைவி, பன்னிரண்டாவது படிக்கிற எங்கள் மகள். மூன்று பேருக்கு ஒரு துணி துவைக்கும் மெஷின் வாங்கினோம். ஊரில் எத்தனையோ பேர் வாங்குகிறார்கள். ஆனால் அந்த ஒரு சாமானை வாங்குவதில் நான் பட்ட பயத்தை வேறு எதிலும் பட்டதில்லை.

பயம் மெஷினைப் பற்றியது அல்ல. மனைவியின் வயிற்றைப் பற்றியது.

மகள் பிறந்தபோது அவளுக்கு ஆபரேஷன். அந்தப் பழைய தழும்பு இருந்த இடத்தில் சில வருடமாக ஒரு வீக்கம் வந்து வந்து போனது. இருமினால் புடைக்கும், படுத்தால் உள்ளே போய்விடும். அவள் அதை யாரிடமும் சொல்லாமல் புடவையை இறுக்கிக் கட்டிக்கொண்டு களையெடுக்கப் போய்க்கொண்டிருந்தாள். ஒரு நாள் உள்ளே போகாமல் நின்றுவிட்டது. கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். குடல் இறங்கியிருக்கிறது என்றார்கள். வயிற்றுக்குள் வலை வைத்துத் தைத்து அனுப்பினார்கள்.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா அவளை விட்டுவிட்டு என்னைப் பார்த்துத்தான் சொன்னார்.

"ஆறு மாசம் குடம் தூக்கக் கூடாது. ஈரத் துணி தூக்கக் கூடாது, பிழியக் கூடாது. அதுக்கு அப்புறமும் பாத்துத்தான் இருக்கணும். வலை நவுந்துச்சுன்னா மறுபடியும் கீறணும். அடுத்த தடவை இவ்ளோ சுலபமா இருக்காது. புரியுதா?"

புரிகிறது என்று தலையை ஆட்டினேன். "தலையை ஆட்டாத, வாயைத் தொறந்து சொல்லு" என்றார். "புரியுதுங்க" என்றேன்.

அதுவரை எங்கள் வீட்டுத் துணியெல்லாம் மோட்டார் கொட்டாயில்தான் துவைப்போம். மோட்டார் ஓடுவதற்கான மும்முனைக் கரண்ட் வரும் நேரம் பார்த்து மனைவி மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு வருவாள். தொட்டியில் தண்ணீர் கொட்டும், பக்கத்தில் கல் இருக்கும். இப்போது அந்த மூட்டை என் தலைக்கு வந்தது. துவைப்பது எனக்குப் பெரிய காரியமில்லை. ஆனால் களையெடுக்க வரும் பெண்கள் அங்கேதான் கை கால் கழுவுவார்கள். அவர்கள் முன்னால் பாவாடையையும் ரவிக்கையையும் கல்லில் வைத்துத் தேய்க்க எனக்கு உடம்பு கூசியது.

"இன்னா மாமா, அக்காவோட பொடவைய அந்தத் தேய்ப்பு தேய்க்கிற? கிழிஞ்சா புதுசு எடுத்துத் தரணும், தெரியுமில்ல?" என்பாள் எங்கள் பக்கத்து வீட்டுக்காரி. என் மனைவிக்குத் தங்கை முறை. அவளுடைய கேலிக்கு நான் பதில் சொன்னதே இல்லை. அவர்கள் வயலுக்குள் இறங்கும்வரை ஏதோ மடை பார்ப்பதுபோல் நின்றுவிட்டு, பிறகு துவைப்பேன். பல நாள் அதற்குள் கரண்ட் போய்விடும். பாதித் துணி துவைக்காமலே வீட்டுக்கு வரும்.

அப்படிப் பாதி திரும்பி வந்த ஒரு நாள் மாலை, கொல்லைப் பக்கம் பிளாஸ்டிக் வாளியில் ஏதோ சளசளக்கிற சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால் மனைவி மகளின் பள்ளிக்கூடச் சட்டையைப் பிழிந்துகொண்டிருக்கிறாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை.

"இன்னா பண்ற நீ?"

"சட்டைதாங்க. ஒண்ணே ஒண்ணு. நாளைக்கு அதுக்கு யூனிபாரம் இல்ல."

"பிழியக் கூடாதுன்னு சொன்னாங்க இல்ல?"

"சொன்னாங்க. யாரு பிழியுறதுன்னு சொல்லலையே."

எனக்குக் கோபம் வரவில்லை. பயம்தான் வந்தது. நான் வேலைக்குப் போனபிறகு இவள் என்ன செய்வாள், எதைத் தூக்குவாள் என்று எனக்குத் தெரியாது. காட்டில் வாய்க்காலைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போதெல்லாம் அவள் குனிகிற மாதிரியே தெரிந்தது. அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டின்போது நானே சொன்னேன், மெஷின் வாங்கிடலாம் என்று.

மகளுக்கு ஒரே சந்தோஷம். "ஃபுல் ஆட்டோமேட்டிக்தான்ப்பா வாங்கணும். துணியைப் போட்டு, பவுடரைப் போட்டு, பட்டனை அமுத்தினா போதும். தண்ணியை அதுவே எடுத்துக்கும். துவைச்சு, அலசி, பிழிஞ்சு, முடிஞ்சதும் பாட்டுப் பாடும். அம்மா கையே வைக்க வாணாம்."

மனைவிக்கு அது பிடிக்கவில்லை. "பக்கத்து வூட்ல இருக்கிற மாதிரி ரெண்டு தொட்டி மெஷின் போதும். வெலையும் கம்மி. திருகுனா ஓடுது, நின்னா நிக்குது. அந்தப் பட்டனெல்லாம் எனக்கு வராது" என்றாள்.

பக்கத்து வீட்டில் இருப்பது செமி ஆட்டோமேட்டிக். ஒரு பக்கம் துவைக்கிற பெரிய தொட்டி, இன்னொரு பக்கம் பிழிகிற சின்னத் தொட்டி. அதையும் ஒரு முறை ஓடும்போது பார்த்துவிடலாம் என்று ஞாயிற்றுக்கிழமை நாங்கள் மூன்று பேரும் போனோம். பக்கத்து வீட்டுக்காரி வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி, திருகியைத் திருப்பினாள். அது தடதடவென்று ஓடி நின்றது. பிறகு இரண்டு கையையும் உள்ளே விட்டு, சோப்புத் தண்ணீர் சொட்டச் சொட்டத் துணியை ஒரே அள்ளாக அள்ளிச் சின்னத் தொட்டியில் போட்டாள். அதில் ஒரு போர்வையும் இருந்தது. தூக்கும்போது அவளுடைய கழுத்து நரம்பு புடைத்தது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

போட்டது ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்ததால் பிழிகிற தொட்டி டமடமவென்று ஆடியது. அவள் நிறுத்தி, மூடியைத் திறந்து, துணியைச் சுற்றிலும் சமமாக அமுக்கி, மேலே ஒரு பிளாஸ்டிக் தட்டை வைத்து அழுத்தி மறுபடி ஓட்டினாள். பிறகு அதே சோப்புத் தண்ணீரில் அடுத்த துணியைப் போட்டாள். "தண்ணி மிச்சம் பாரு மாமா. இதே தண்ணியில மூணு தடவை ஓட்டுவேன். கடைசியா அவரோட வேலை லுங்கி" என்றாள்.

அலசுவதற்கு மறுபடி நல்ல தண்ணீர், மறுபடி அள்ளிப் போடுவது. எனக்கு அந்த அள்ளுவது ஒன்றுதான் கண்ணில் நின்றது. வெளியே வந்ததும் மனைவியிடம் சொன்னேன்: "இது வாணாம். இதுல தூக்குறதுதான் ஜாஸ்தி."

மகள் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

மனைவி பஸ்ஸில் குலுங்கக் கூடாது என்பதால், கள்ளக்குறிச்சிக்கு நானும் மகளும் மட்டும் போனோம். கடைக்குள் ஏசி. செருப்பில் இருந்த சேறு தரையில் பட்டுவிடுமோ என்று ஓரமாகவே நடந்தேன். விற்கிறவர் நல்ல மனிதர். "வாங்கண்ணே, எத்தினி பேரு வூட்ல?" என்று கேட்டார். மூன்று பேர் என்றதும், மேலே மூடி திறக்கிற ஃபுல் ஆட்டோமேட்டிக்கில் ஒரு சின்னதைக் காட்டினார். குனியவே வேண்டாம், நின்றபடியே போட்டு எடுக்கலாம் என்றார். அந்த ஒரு வார்த்தை எனக்குப் போதும்.

"வூட்ல பைப்பு இருக்காண்ணே?"

"இருக்கு."

"தண்ணி வேகமா வருமா? வேகம் இல்லைன்னா மெஷின் எடுத்துக்காது. அதான் கேக்கறேன்."

"நல்லா வேகமா வரும்ங்க" என்றேன். மகளும், "செம ஃபோர்ஸா வரும்ண்ணா. கொடம் வச்சா நொடியில ரொம்பிடும்" என்றாள்.

அவர் கேட்டதும் சரி, நாங்கள் சொன்னதும் சரி. இரண்டிலும் பொய் இல்லை.

மெஷின் மினி லாரியில் வந்து இறங்கியது. வீட்டுக்குள் இடமில்லை. வாசலில் தகரம் போட்ட இடத்தில், தெருக் கால்வாய்க்குத் தண்ணீர் போகிற மாதிரி வைத்தோம். மகள் குங்குமப் பொட்டு வைத்தாள். மெக்கானிக் வந்து மாட்டிக் காட்டியபிறகுதான் ஓட்ட வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். எங்கள் தெருவுக்குத் தண்ணீர் திறந்து விடுவது மாலையில், அதுவும் ஒரு நாள் விட்டு ஒரு நாள். அந்த நேரத்துக்கு வரச் சொன்னேன்.

மெக்கானிக் வந்தார். நடு வயதுக்காரர், வண்டியில் பை மாட்டியிருந்தார். மெஷினை மட்டம் பார்த்து நிறுத்தினார். கழிவுத் தண்ணீர்க் குழாயை மாட்டினார். தண்ணீர் உள்ளே போகிற குழாயைக் கையில் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"பைப்பு எங்கண்ணே?"

"இதோ இங்கதாங்க" என்று வாசலோரமாகக் கிடந்த கடப்பைக் கல்லை நகர்த்தினேன்.

கீழே குழி. குழிக்குள் குழாய்.

எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். தரைக்கு மேலே குழாய் வைத்தால் குடம் வைக்கிற உயரத்துக்குத் தண்ணீர் ஏறாது. அதனால் இடுப்பளவு குழி தோண்டி, பைப்பை அங்கேயே அறுத்துக் குழாய் வைத்திருக்கிறோம். குடத்தைக் குழிக்குள் இறக்கிப் பிடித்தால் வேகமாகக் கொட்டும். நிறைந்ததும் மேலே தூக்கிக்கொள்ள வேண்டும். வருடக்கணக்காகக் குனிந்து பிடித்துப் பழகிவிட்டதில், அது குழியில் இருக்கிறது என்பதே எங்களுக்கு மறந்து போயிருந்தது. கடையில் கேட்டபோது எனக்கும் மகளுக்கும் குழாய் ஞாபகத்துக்கு வந்தது, தண்ணீர் கொட்டுகிற சத்தம் ஞாபகத்துக்கு வந்தது. குழி வரவில்லை. தினமும் மேட்டையும் பள்ளத்தையும் பார்த்துத் தண்ணீரைத் திருப்புவதுதான் என் பிழைப்பு.

மெக்கானிக் குழியையும் மெஷினையும் மாறி மாறிப் பார்த்தார். மெஷினுக்குத் தண்ணீர் போகிற வாய் அதன் பின்பக்கம் மேலே, என் இடுப்புக்கு மேல் இருந்தது.

"சரி, மாட்டிப் பாத்துடலாம்" என்றார்.

குழிக்குள் இறங்கி மாட்டினார். தண்ணீர் வந்தது. குழாய் ஒருமுறை உதறியது. மகள் நாலு துணி போட்டு பட்டனை அழுத்தினாள். மெஷின் துணியை லேசாக இப்படியும் அப்படியும் உருட்டி எடை பார்த்தது, பிறகு தண்ணீருக்கு வாயைத் திறந்துகொண்டு காத்திருந்தது. நாங்களும் காத்திருந்தோம். மெக்கானிக் மெஷினிலிருந்து குழாயைக் கழற்றி மெல்லக் கீழே இறக்கினார். என் முழங்கால் உயரத்துக்கு வந்தபோதுதான் அதன் வாயில் தண்ணீர் எட்டிப் பார்த்தது.

"ஏறாதுண்ணே."

பக்கத்து வீட்டுக்காரி குடத்தோடு வந்து நின்றாள். "இன்னா மாமா, மெஷினைக் குழிக்குள்ள எறக்கிடு. சரியாப் பூடும்" என்றாள். அவள் சொன்னது கேலிக்குத்தான். ஆனாலும் நான் ஒரு நிமிடம் குழியின் அகலத்தைப் பார்த்தேன்.

மெக்கானிக் என்னென்ன வழி உண்டு என்று சொன்னார். மாடியில் டேங்க் வைத்தால் தண்ணீர் தானாக இறங்கும். எங்களுடையது சிமெண்ட் ஓடு போட்ட வீடு, அதன் மேல் டேங்க் நிற்காது. குழாயில் நேராக மோட்டார் வைத்து உறிஞ்சலாம். "ஊருல பாதிப் பேரு அப்பிடித்தான் வச்சிக்கினு இருக்காங்க" என்றார். பஞ்சாயத்தில் பார்த்தால் இணைப்பைத் துண்டித்து விடுவார்கள். அதைவிட, தெருக் கோடியில் இருக்கிற நாலு வீட்டுக்குச் சொட்டுத் தண்ணீர் போகாது. அவர்கள் வந்து வாசலில் நின்று கேட்டால் எனக்கு என்ன சொல்ல வரும்? தனியாகத் தூண் கட்டி டேங்க் ஏற்றி, தரையில் இருக்கிற டிரம்மிலிருந்து சின்ன மோட்டாரில் ஏற்றலாம். அது மெஷினைவிடப் பெரிய வேலை.

"இல்லன்னா வாளியில ஊத்துங்க. மூடியைத் தொறந்து மேலேந்து ஊத்தினாலும் அதுக்குத் தண்ணி அளவு தெரிஞ்சிடும். அப்பால மூடியை மூடினா தானா ஓடும்."

டிரம்மிலிருந்து மொண்டு நானே ஊற்றினேன். பல வாளி விழுங்கியது. பிறகு மூடியை மூடியதும் உண்மையாகவே சுற்ற ஆரம்பித்தது. மகள் கை தட்டினாள். நானும் சிரித்துவிட்டேன். துவைத்து முடித்து அழுக்குத் தண்ணீரைக் கால்வாயில் விட்டது, சுற்றிப் பிழிந்தது. பிறகு அலசுவதற்கு மறுபடி தண்ணீர் கேட்டு நின்றது. மறுபடி ஊற்றினேன்.

வாசற்படியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த மனைவி அப்போதுதான் வாயைத் திறந்தாள்.

"ஏங்க, நீங்க வேலைக்குப் போயிட்டீங்க. இதுவும் ஸ்கூலுக்குப் போயிடுச்சு. அப்போ இது பாதியில நின்னு கத்துச்சுன்னா யாரு ஊத்துவா?"

மெக்கானிக் பையை மூடினார்.

நான் இல்லாதபோது மெஷினைத் தொடக் கூடாது என்று மனைவியிடம் சொல்லி வைத்தேன். சரி சரி என்றாள். வேலை முடிந்து வந்து நான் பக்கத்தில் நின்று ஊற்றி ஓட்டினேன். ஆனால் துவைத்து, அலசி, இன்னொரு முறை அலசி முடிப்பதற்குள் டிரம்மில் பாதி போய்விடும். அது ஓடுகிற நேரமெல்லாம் அதன் பக்கத்திலேயே நிற்க வேண்டும். அவசரமாக எங்காவது போய் வந்தால், வந்து சேர்வதற்குள் பீப் பீப் என்று கத்திக்கொண்டு நிற்கும். தெருவே திரும்பிப் பார்க்கும்.

அடுத்த வாரத்தில் ஒரு நாள் முற்பகல். கோமுகி அணைப் பக்கமிருந்து மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு ஏனோ இருப்புக் கொள்ளவில்லை. காலையில் மனைவி மகளிடம், யூனிபாரம் எல்லாம் அழுக்கு என்று சொன்னது காதிலேயே இருந்தது. மடையை அடைத்துவிட்டு மோட்டாரை நிறுத்தினேன். பண்ணைக்காரரிடம் சொல்லாமலே சைக்கிளை எடுத்தேன்.

தெருமுனையிலேயே கேட்டுவிட்டது. பீப், பீப், பீப்.

மெஷின் மூடி திறந்திருந்தது. அவள் டிரம்முக்கும் மெஷினுக்கும் நடுவில் நின்றிருந்தாள். கையில் வாளி. நிறைய இல்லை, பாதிதான். ஆனால் அதை மார்பு உயரத்துக்குத் தூக்கி மெஷின் விளிம்பில் வைத்து, அப்படியே நின்றுவிட்டாள். சாய்க்கவும் இல்லை, இறக்கவும் இல்லை. ஒரு கை வாளியில், இன்னொரு கை வயிற்றில்.

சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு ஓடி வாளியை வாங்கினேன்.

"இன்னா ஆச்சு? வலிக்குதா?"

"ஒண்ணும் இல்ல. சுருக்குன்னுச்சு."

"நான்தான் சொன்னேனே."

"அது கத்திக்கினே இருந்துச்சுங்க. நிறுத்தத் தெரியல. எதிர் வூட்ல வந்து, இன்னாது பச்சக் கொயந்த மாதிரின்னு கேட்டாங்க. ரெண்டு வாளி ஊத்துனா அடங்கிடும்னு..."

உட்கார வைத்தேன். வியர்த்திருந்தாள். நான் பிளக்கைப் பிடுங்கினேன். சத்தம் நின்றது. பாதி சோப்போடு துணியெல்லாம் உள்ளே கிடந்தது.

பக்கத்து வீட்டுக்காரி ஷேர் ஆட்டோவை நிறுத்தி ஏற்றிவிட்டாள். கேலி எதுவும் பேசவில்லை. "அக்கா, வயித்தைப் புடிச்சிக்க. குலுங்காம பாத்துக்க" என்று மட்டும் சொன்னாள். கள்ளக்குறிச்சி வரைக்கும் ஒவ்வொரு பள்ளத்துக்கும் நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

ஆஸ்பத்திரியில் வரிசை. உள்ளே கூப்பிடும்வரை நான் உட்காரவில்லை. அதே டாக்டரம்மா. படுக்க வைத்து, இருமச் சொல்லி, அழுத்திப் பார்த்தார். மறுபடி இருமச் சொன்னார். ஸ்கேன் எடுத்து வரச் சொன்னார். அந்தக் காகிதத்தைப் பார்க்கும்போது அவர் முகத்திலிருந்து எதுவும் தெரியவில்லை.

"வலை எடத்துலதான் இருக்கு. சதை பிடிச்சிருக்கு, அவ்ளோதான். இன்னாத்த தூக்குன?"

"மெஷினுக்குத் தண்ணிங்க" என்றாள் மனைவி.

டாக்டரம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். "மெஷின் எதுக்கு வாங்குன?"

"இவ தூக்கக் கூடாதுன்னுதாங்க" என்றேன். அதைச் சொல்லும்போது எனக்கே எப்படியோ இருந்தது.

மறுநாள் நான் மட்டும் கடைக்குப் போனேன். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் டிவிகள் வரிசையாக ஓடுகிற சுவர் முன்னால் நின்றேன். விற்கிறவர் என்னைப் பார்த்துவிட்டார். "அண்ணே, மெஷின் எப்பிடி ஓடுது?"

"மாத்திக் குடுங்க" என்றேன்.

பிரித்து ஓட்டிய மெஷினைத் திரும்ப எடுக்க முடியாது என்றார். அவர் சொல்வதில் நியாயம் இருந்தது. நான் அசையாமல் நின்றேன். நிற்பது மட்டும்தான் எனக்குத் தெரியும். சர்வீஸ் சாமான் எடுக்க வந்த அதே மெக்கானிக் என்னைப் பார்த்து, "யோவ், இவரு வூட்ல பைப்பு குழியில இருக்குய்யா. நீ கேக்கலையா?" என்றார்.

"பைப்பு இருக்கான்னு கேட்டேனே."

"எங்க இருக்குன்னு கேட்டியா? தரைக்கு மேலயா கீழயான்னு?"

"அதெல்லாம் எவன் கேப்பான்?"

இரண்டு பேரும் சத்தம் போட, உள்ளே இருந்த முதலாளி எழுந்து வந்தார். விஷயத்தைக் கேட்டு முதலில் சிரித்தார். நான் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று கேட்டார். சொன்னேன். மாடியில் டேங்க் இருக்கிற யாருக்காவது விலை குறைத்து இதைக் கொடுத்துவிடலாம் என்று மெக்கானிக் சொன்னார். குறைகிற தொகை என் தலையில். அதற்குப் பதிலாக ஒரு செமி ஆட்டோமேட்டிக். இரண்டுக்கும் விலையில் இருந்த வித்தியாசம் அதிலேயே போய்விட்டது. சம்மதித்தேன்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது மகளுக்குத்தான் கோபம். "செமியில அள்ளிப் போடணுமேப்பா! நீதானே வாணாம்னு சொன்ன?"

"அள்ளத்தான் வேணும். ஆனா அது கூப்பிடாது" என்றேன்.

அவளுக்குப் புரியவில்லை. எனக்கும் ஆஸ்பத்திரி வரிசையில் நிற்கும்போதுதான் புரிந்தது. தண்ணீருக்கு வழியில்லாத வீட்டில் பெரிய மெஷின் பாதியில் நின்று ஆளைத் தேடும். யார் இருக்கிறார்களோ அவர்கள் எழுந்து போக வேண்டும். இரண்டு தொட்டி மெஷின் அப்படியில்லை. திருகி திரும்புகிற அளவுக்கு ஓடும், நின்றுவிடும். துணி சோப்புத் தண்ணீரில் கிடக்கும். நான் வருகிறவரை கிடக்கட்டும். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு ஆள் வேண்டும் என்பதுதான் அதன் குறை. அந்த ஆள் நான் என்று ஆகிவிட்டால் அவள் எழுந்திருக்கத் தேவையில்லை.

அப்படித்தான் செய்தோம். காலையில் வேலைக்குப் போவதற்கு முன்பே தண்ணீர் ஊற்றி, பவுடர் போட்டு, துணியைப் போட்டுவிடுவேன். மனைவி நாற்காலியில் உட்கார்ந்து திருகியை மட்டும் திருப்புவாள். மாலையில் வந்து நான் மாற்றுவேன். பக்கத்து வீட்டுக்காரி மாதிரி ஒரே அள்ளாக அள்ளுவதில்லை. ஒவ்வொன்றாக எடுத்து, சுற்றிலும் பரப்பி, மேல்தட்டை அழுத்தி மூடுவேன். சோப்புத் தண்ணீரை இறக்காமல் வைத்திருந்து கடைசியில் என் சேற்றுக் கைலியைப் போடுவேன். இதெல்லாம் தெரு வாசலில். புடவை, பாவாடை எல்லாம் என் கையில். போகிற வருகிறவர்கள் பார்ப்பார்கள்.

"மாமா, எங்க வூட்டுத் துணியும் கொஞ்சம் கெடக்கு. எடுத்தாரட்டா?" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

"எடுத்தா. உன் வூட்டுக்காரரையும் கூட்டியா, கத்துக்கட்டும்" என்றேன். நான் அவளுக்குச் சொன்ன முதல் பதில் அதுதான் என்று நினைக்கிறேன். மனைவி நாற்காலியில் இருந்தபடி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அதைப் பார்த்ததும் மறுபடி பயந்துபோய், "சிரிக்காத, சிரிக்காத" என்றேன்.

பயம் போகவில்லை. மாலையில் தெருமுனை திரும்பும்போது என் கண் முதலில் கொடிக் கயிற்றுக்குப் போகும். காலியாக இருந்தால் நிம்மதி. ஒரு நாள் நாலு துணி தொங்கியது. ஓடிப்போய்க் கேட்டேன். தொட்டுப் பாருங்கள் என்றாள். காய்ந்திருந்தது, முதல் நாள் துணி. இன்னொரு நாள் உண்மையாகவே ஈரம். சின்னத் துணி இரண்டை அவளே மாற்றிப் பிழிந்திருக்கிறாள். அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. அதற்குப் பிறகு அவள் தொடவில்லை, அல்லது எனக்குத் தெரிகிற மாதிரி தொடவில்லை.

போன வாரம் ஆறு மாதப் பரிசோதனை. டாக்டரம்மா இருமச் சொன்னார், அழுத்தினார், எழுந்து நிற்கச் சொல்லி மறுபடி அழுத்தினார். "நல்லா பிடிச்சிருக்கு. சின்னச் சின்ன வேலை செய்யலாம். குடம் மட்டும் எப்பவும் வாணாம்" என்றார். நான் வாயைத் திறந்து, "சரிங்க" என்றேன்.

திரும்பி வரும்போது டவுன் பஸ்ஸில் நல்ல கூட்டம். அவளுக்கு ஒரு சீட் கிடைத்தது, நான் பக்கத்தில் கம்பியைப் பிடித்து நின்றேன். கொஞ்ச தூரம் போனதும் என் சட்டையை இழுத்தாள்.

"இனிமே துணிய நானே மாத்தலாம் இல்ல? சின்ன வேலைதானே."

"கூடாது" என்றேன்.

அவ்வளவு சத்தமாக வரும் என்று எனக்கே தெரியாது. முன்னால் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். கண்டக்டரும் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள், தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று குனிந்து பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள்.

எழுதி முடித்தது: மார்கழி மாதம், இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை, துணி காயப் போட்ட பிறகு.